மாணவர் விசாவுக்குப் போலீஸ் சான்றும் மெடிக்கலும்: யார் தருவார்கள், எத்தனை நாள் செல்லும்?

கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும்போது இந்த இரண்டு காகிதங்களைப் பற்றித்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பித் தரும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரே சந்தேகம் ஆள் மாற்றி ஆள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் அதிகம் விசாரிக்கிற கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். பணம் கட்டுகிற அன்று அந்தந்த நாட்டின் குடிவரவுத் துறை இணையதளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விதிகளை அவர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

பி.சி.சி.ன்னா நம்ம ஊர் ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதுதானே சார்?

இல்லை. வெளிநாட்டு விசாவுக்கான போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, ஆகவே சான்றிதழ் அங்கிருந்துதான் வரும். நம் ஊர்ப் போலீசின் வேலை விசாரித்து அறிக்கை அனுப்புவதோடு முடிந்துவிடும். ஸ்டேஷன் லெட்டர்பேடில் 'நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதி வாங்கி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தாளை எந்தத் தூதரகமும் பி.சி.சி.யாக எடுத்துக்கொள்ளாது.

கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டுக்கு இருப்பதுபோல் இதற்குத் தட்கல் கிடையாது. 'தட்கல்ல எடுத்துத் தர்றேன்' என்று யாராவது கூடுதலாகப் பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே ஆன்லைன்ல சரிபார்ப்புச் சான்று கிடைக்குதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. மாநிலக் காவல்துறை தருவது உள்ளூர்த் தேவைக்கு: வேலையில் சேர, வாடகைக்கு ஆள் வைக்க, வீட்டு வேலைக்கு ஆள் எடுக்க. கியூ.ஆர். கோடெல்லாம் போட்டு அழகாக வருவதால் பிள்ளைகள் அதையே விசாவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியாவில் இருந்தபடி விண்ணப்பித்தால், பாஸ்போர்ட் அலுவலகச் சான்றைத்தான் அந்த நாடுகள் கேட்கும்.

சரி, எப்படி அப்ளை பண்றது? மதுரைக்கே போகணுமா?

passportindia.gov.in தளத்தில் கணக்குத் திறந்து `Apply for Police Clearance Certificate` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிவத்தை நிரப்பிப் பணம் கட்டினால் நேர்காணல் நாள் கிடைக்கும். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று வெளியுறவு அமைச்சகம் திறந்துவிட்டது. அதனால் நாள் எடுக்கும்போது திரையில் வரும் மையங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதைப் பாருங்கள். அங்கே நாள் இல்லையென்றால்தான் மதுரை. அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், இப்போதைய முகவரிக்கான சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். கல்லூரி அனுமதிக் கடிதம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், கேட்டால் காட்டலாம்.

படிவத்தில் எந்த நாட்டுக்கு என்று கேட்கும் இடத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். சான்றிதழில் அந்த நாட்டின் பெயர் அச்சாகி வரும். கனடா என்று எடுத்த சான்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுக்க முடியாது. இரண்டு நாட்டுக்கு முயற்சி செய்கிறவர்கள் இரண்டு விண்ணப்பம் போட்டு, இரண்டு தடவை பணம் கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போலீஸ் வருவாங்களா? அம்மா பயப்படுறாங்க. அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?

வரலாம், வராமலும் போகலாம். பாஸ்போர்ட்டை அண்மையில்தான் எடுத்திருந்து, போலீஸ் அறிக்கை சுத்தமாக இருந்து, முகவரியும் மாறவில்லையென்றால் சிலருக்கு மறு விசாரணை இல்லாமலே சான்று கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு விண்ணப்பம் எஸ்.பி. அலுவலகம் வழியாக உங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்கு வரும். ஒரு காவலர் போன் செய்வார். வீட்டுக்கு வருவார், அல்லது ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார். ஆதார், பாஸ்போர்ட் நகல், போட்டோ கேட்பார். எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். அம்மாவிடம் சொல்லிவையுங்கள், பாஸ்போர்ட் எடுத்தபோது நடந்ததுதான் திரும்பவும் நடக்கும்.

தாமதம் பெரும்பாலும் வருவது இந்தக் கட்டத்தில்தான், அதற்குக் காரணமும் பெரும்பாலும் நாம்தான். படிவத்தில் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அப்பா கடலுக்குப் போயிருப்பார், போன் எடுக்காது. இரண்டு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு 'வீட்டில் இல்லை' என்று எழுதி அனுப்பினால் கோப்பு மதுரையில் நின்றுவிடும். எடுக்கக்கூடிய நம்பரைக் கொடுங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று அதே தளத்தில் பார்க்கலாம். காவலருக்கு எந்தக் கட்டணமும் கிடையாது, 500 ரூபாயை முதலிலேயே கட்டிவிட்டீர்கள்.

பாஸ்போர்ட்ல பரமக்குடி பழைய வீட்டு அட்ரஸ் இருக்கு. இப்ப ராமநாதபுரத்துல இருக்கோம். தம்பி படிக்கிறது கோயம்புத்தூர் ஹாஸ்டல். எந்த அட்ரஸைக் கொடுக்கிறது?

இப்போது உண்மையில் எங்கே குடியிருக்கிறாரோ, அதை. முகவரி மாறியிருந்தால் புது முகவரிக்குச் சான்று கேட்பார்கள். காலம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே முகவரியை மாற்றிவிட்டு அதன்பிறகு பி.சி.சி. போடுவதுதான் நிம்மதி. பழைய முகவரியையே எழுதிவிட்டு, காவலர் பரமக்குடிக்குப் போய் 'இவர்கள் காலி செய்து ரொம்ப நாளாச்சு' என்று கேட்டு வந்தால் அறிக்கை பாதகமாகப் போகும். குற்றம் எதுவும் இல்லாத பிள்ளைக்கும் சான்று நிற்பது இப்படித்தான்.

ஹாஸ்டல்காரர்களுக்கு என் யோசனை: கடைசிப் பருவம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு போடுங்கள். அவ்வளவு பொறுக்க முடியாதென்றால் கல்லூரியின் போனஃபைடு சான்றோடு ஹாஸ்டல் முகவரியைக் கொடுக்க வேண்டிவரும், விசாரணை அந்த ஊர்ப் போலீசிடம் போகும். விடுமுறையில் ஹாஸ்டல் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்க வாப்பா சவூதி போகும்போது மெடிக்கல் எடுத்தாங்களே, அந்த சென்டர்லயே நானும் எடுத்துக்கலாமா?

முடியாது. கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா மெடிக்கல் எடுத்தவர் இருப்பதால் இந்தக் குழப்பம் வருவது இயற்கை. அது வளைகுடா நாடுகள் தங்கள் வேலை விசாவுக்கென்று அங்கீகரித்த மையம். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஒவ்வொன்றும் தனக்கென்று மருத்துவர் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளவரை பேனல் பிசிசியன் என்பார்கள். நாட்டின் குடிவரவுத் தளத்தில் இந்தியா என்று தேடினால் ஊர் வாரியாகப் பெயர்கள் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சென்னைதான். ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னையில் இறங்கி, அன்றைக்கே வேலையை முடித்துவிடலாம்.

அரசு மருத்துவமனை டாக்டர் தரும் உடற்தகுதிச் சான்றுக்கும் இங்கே இடமில்லை. அந்த டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்த நாட்டின் கணினி முறைக்குள் அறிக்கை ஏற்றும் அனுமதி அவருக்கு இல்லை.

அங்க போனா என்னென்ன செய்வாங்க? ரிப்போர்ட் கையில தருவாங்களா?

உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை, பொதுவான உடல் பரிசோதனை, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே ஆகியவை இருக்கும். ரத்தம் எடுப்பது நாட்டையும் விசாவையும் பொறுத்தது. கனடாவுக்கு 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பார்ப்பார்கள். அசல் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டை எடுத்துப் போங்கள். மாதவிலக்கு நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்து மறுபடி வரச் சொல்வார்கள், ஆகவே பெண்கள் அந்த நாட்களைத் தவிர்த்து நாள் வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையைக் கையில் தரமாட்டார்கள். மருத்துவர் அதை இமெடிக்கல் என்ற முறையில் நேராகக் குடிவரவுத் துறைக்கு ஏற்றிவிடுவார். உங்களுக்கு ஒரு தகவல் தாள் மட்டும் கிடைக்கும். பரிசோதனை செய்துகொண்டதற்கு அதுதான் அத்தாட்சி, விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டியதும் அதுதான். தேர்ச்சியா இல்லையா என்பதை முடிவு செய்வதும் அந்த மருத்துவர் அல்ல, அந்த நாட்டின் அதிகாரி. 'பாஸா டாக்டர்?' என்று அவரிடம் கேட்டு நிற்பதில் பயனில்லை.

எல்லா நாட்டுக்கும் ரெண்டும் வேணுமா?

வேண்டாம். அமெரிக்க எஃப்-1 மாணவர் விசாவுக்கு வழக்கமாக இரண்டுமே கேட்பதில்லை. பிரிட்டன் மாணவர் விசாவுக்கும் போலீஸ் சான்று வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் அவர்கள் அங்கீகரித்த மருத்துவ மையத்தில் எடுத்த காசநோய்ச் சான்று கட்டாயம். நியூசிலாந்துக்கு மொத்தம் 24 மாதமோ அதற்கு மேலோ தங்கும் படிப்பென்றால், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் போலீஸ் சான்று தர வேண்டும். மருத்துவத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க எக்ஸ்ரே, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்க முழுப் பரிசோதனை.

ஆஸ்திரேலியாவில் விண்ணப்பத்துக்குப் பிறகு உங்கள் கணக்கில் HAP ID என்று ஓர் எண் வரும். அதை வைத்துத்தான் மெடிக்கலுக்கு நாள் வாங்க வேண்டும். முன்கூட்டியே எடுக்க விரும்பினால் அதற்கும் அவர்கள் தளத்தில் வழி உண்டு. போலீஸ் சான்றை அதிகாரி கேட்டால் கொடுத்தால் போதும். கனடாவுக்கு இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர் மெடிக்கல் எடுத்தே ஆக வேண்டும். அதை விண்ணப்பத்துக்கு முன்பும் எடுக்கலாம், அவர்கள் கடிதம் அனுப்பியபிறகும் எடுக்கலாம். போலீஸ் சான்று அதிகாரி கேட்டால்தான். 'கனடாவுக்கு ரெண்டையும் முதல்லயே வச்சாகணும்' என்று சொல்கிறவர்கள் எஸ்.டி.எஸ். என்ற விரைவுத் திட்டத்தின் பழைய பட்டியலை வைத்துப் பேசுகிறார்கள். அந்தத் திட்டத்தை 2024 நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள்.

பி.சி.சி. எத்தனை மாசம் செல்லும்? ஒருத்தர் ஆறு மாசம்ங்கிறார், இன்னொருத்தர் ஒரு வருஷம்ங்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அவர்கள் சொல்வது வேறு வேறு நாடுகளுக்கு. சான்றின் வயதை எண்ணுவது கொடுத்த மதுரை அலுவலகம் அல்ல, வாங்குகிற நாடு. ஆஸ்திரேலியா சான்று வழங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை எடுத்துக்கொள்கிறது. நியூசிலாந்து, விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் சான்றுக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது என்கிறது. கனடாவும், நீங்கள் இப்போது வசிக்கிற நாட்டின் சான்று விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும் என்கிறது.

கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சான்றில் அச்சான தேதிதான் தொடக்கம். தபால் வந்த நாளோ, ஏஜென்ட் கையில் கொடுத்த நாளோ இல்லை.

அப்ப மெடிக்கல்?

கனடாவும் ஆஸ்திரேலியாவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் என்று வைத்திருக்கின்றன. பிரிட்டனின் காசநோய்ச் சான்று ஆறு மாதம். நியூசிலாந்துதான் கறார்: விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் மெடிக்கலுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கக் கூடாது. படிப்பை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த ஓராண்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பரிசோதனை காலாவதியானால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

ரெண்டுல எதை முதல்ல எடுக்கணும்? ஒரேயடியா ரெண்டையும் முடிச்சு வச்சுக்கிட்டா நல்லதுதானே?

நல்லதுபோல் தெரியும், ஆனால் காசு வீணாவது இதில்தான். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தேவிபட்டினத்துப் பெண் ஒருத்தி நியூசிலாந்தில் மூன்றாண்டுப் படிப்புக்குப் போகிறாள், வகுப்பு பிப்ரவரிக் கடைசியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு என்பதால் போலீஸ் சான்றும் வேண்டும், முழு மெடிக்கலும் வேண்டும். ஆகஸ்ட் 10 தேதியிட்டு பி.சி.சி. வருகிறது. அதே சூட்டோடு செப்டம்பர் 1 அன்று சென்னையில் மெடிக்கலும் எடுத்துவிடுகிறாள். பி.சி.சி. பிப்ரவரி 10க்கு முன்புவரை செல்லும். மெடிக்கலோ டிசம்பர் 1க்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போனால்தான் செல்லும்.

இப்போது பேங்க் கடன் இழுத்தடிக்கிறது. கல்விக் கட்டண ரசீது டிசம்பர் 8இல்தான் கைக்கு வருகிறது. பி.சி.சி. இன்னும் உயிரோடு இருக்கிறது, மெடிக்கல் செத்துவிட்டது. திரும்பவும் சென்னை, திரும்பவும் பணம், நாள் கிடைக்க ஒரு காத்திருப்பு. வகுப்புக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது இந்தத் தாமதம் ரொம்பப் பெரிது.

அவள் செய்திருக்க வேண்டியது இதுதான். பி.சி.சி.யின் வேகம் நம் கையில் இல்லை, விசாரணையில் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயுள் அதிகம். அதனால் அனுமதிக் கடிதம் வந்ததுமே அதைத் தொடங்கிவிடலாம். மெடிக்கல் ஒரு நாள் வேலை, ஆயுள் குறைவு. அதைக் கடன் ஒப்புதல் வந்து, கட்டணம் எந்த வாரம் கட்டப்போகிறோம் என்று தெரிந்தபிறகு எடுக்கலாம். முதலில் விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எனக்குச் சின்ன வயசுல டி.பி. வந்து ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு சரியாயிடுச்சு. சொல்லணுமா? சொன்னா விசா போயிடாதா?

சொல்லுங்கள். மறைத்தாலும் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிய வாய்ப்பு உண்டு. தெரிந்தபிறகு 'எனக்கு ஒன்றுமே வந்ததில்லை' என்று எழுதிய தாள்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். குணமான காசநோய்க்காக மாணவர் விசா தானாக மறுக்கப்படுவதில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது நோய் இப்போது உயிர்ப்போடு இருக்கிறதா என்பதுதான்.

தழும்பு தெரிந்தால் சளி மாதிரி எடுப்பார்கள், வழக்கமாக மூன்று நாள் மூன்று மாதிரி. நுண்ணோக்கியில் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எட்டு வாரம்வரை ஆகும். அந்தக் கிருமி மெதுவாக வளரும் இனம், ஆய்வகத்தை அவசரப்படுத்த வழியில்லை. அதனால் டி.பி. வந்து போனவர்கள் மேலே சொன்ன வரிசையைப் பின்பற்ற வேண்டாம், மெடிக்கலை இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிகிச்சை அட்டை, முடித்த தேதி, அரசின் காசநோய்ப் பதிவில் தந்த நிக்ஷய் எண், பழைய எக்ஸ்ரே எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டுத் தழும்பு மாறவில்லை என்று மருத்துவர் எழுதினால் அது பெரிய பலம்.

கிருமி இல்லை என்று வந்தாலும், அங்கே போனபிறகு சுகாதாரத் துறையிடம் பதிவு செய்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடும். ஆஸ்திரேலியாவில் இதற்கு உறுதிமொழிப் படிவமே உண்டு, இறங்கிய 28 நாளுக்குள் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம், தொடர் கண்காணிப்புதான்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் துபாய். பதினேழரை வயசுல கீழக்கரை வந்துட்டேன். துபாய் போலீஸ் சான்றும் வேணுமா?

நாட்டுக்கு நாடு விடை மாறும். கனடா 18 வயதுக்குப் பிந்தைய காலத்தை மட்டும்தான் எண்ணுகிறது, கடந்த பத்தாண்டில் ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் கணக்கில் வரும். நீங்கள் பதினேழரையில் வந்துவிட்டதால் துபாய் விடுபட்டுவிடும். ஆஸ்திரேலியா 16 வயதிலிருந்து எண்ணுகிறது. கடந்த பத்தாண்டில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடு எதுவும் கணக்கில் வரும். பதினாறுக்கும் பதினேழரைக்கும் இடையே பதினெட்டு மாதம் துபாயில் இருந்திருக்கிறீர்கள், ஆகவே போலீஸ் சான்று கேட்டால் துபாயினுடையதையும் கேட்பார்கள். நியூசிலாந்து, சொந்த நாட்டைத் தவிர, 17 வயதுக்குப் பிறகு ஐந்தாண்டு இருந்த நாட்டைத்தான் கேட்கிறது, அங்கே பிரச்சினை இல்லை.

துபாய்ச் சான்றை அந்த நாட்டு அரசிடம்தான் வாங்க வேண்டும், மதுரையில் தரமாட்டார்கள். ஊரில் இருந்தபடி வாங்கக் கைரேகை எடுப்பது, அதற்கு அத்தாட்சி வாங்குவது என்று வேலை நீளும். வாப்பா இன்னும் அங்கே இருந்தால் இன்றைக்கே விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய எமிரேட்ஸ் ஐடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த எண் இருந்தால் பாதி வேலை குறையும்.

மீனவர் மறியல்ல நானும் நின்னேன். கூட்டத்தோட என் பேரையும் எஃப்.ஐ.ஆர்.ல போட்டாங்கன்னு சொல்றாங்க. பி.சி.சி. வருமா அண்ணே?

முதலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'மற்றும் பலர்' என்று முடிந்திருக்கும் எஃப்.ஐ.ஆரை நினைத்து வீணாகத் தூக்கம் கெடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனிலோ வக்கீல் மூலமோ நகல் வாங்கிப் படியுங்கள்.

பெயர் இருந்தால் போலீஸ் அறிக்கையில் அது வரும், சான்று நிற்கலாம். பாஸ்போர்ட் எடுப்பதற்கு வெறும் எஃப்.ஐ.ஆர். தடையில்லை என்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பி.சி.சி. என்பதே உங்கள் மீது என்ன பதிவு இருக்கிறது என்று சொல்லும் காகிதம். மறியல் வழக்குகள் சில, காவல்துறையே மேல்நடவடிக்கையைக் கைவிட்டு முடிந்திருக்கும். சில, அரசு திரும்பப் பெற்றிருக்கும். சில, நீதிமன்றத்தில் சிறு அபராதத்தோடு முடிந்திருக்கும். எப்படி முடிந்திருந்தாலும் அதற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி விசாரணைக்கு வரும் காவலரிடம் கொடுங்கள், ஸ்டேஷன் பதிவில் பல நேரம் முடிவு ஏறியிருக்காது. இன்னும் நிலுவையில் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு வக்கீல் வேண்டும், மாதங்கள் ஆகும். அதனால் அனுமதிக் கடிதம் வரும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லீவுல அப்பாவோட போட்ல போனப்ப சிலோன் நேவி பிடிச்சுட்டாங்க. மன்னார் கோர்ட்ல விட்டுட்டாங்க. இந்தியாவுல ஒரு கேஸும் இல்ல. அத எழுதணுமா?

எழுத வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. மற்ற மாவட்டத்து ஆலோசகர்களுக்கு இது பழக்கமில்லாததால் 'இந்தியாவுல சுத்தமா இருக்குல்ல, விடு தம்பி' என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் பி.சி.சி. சுத்தமாகவே வரக்கூடும், ஏனென்றால் அது இந்தியப் பதிவைச் சொல்வது. ஆனால் விசாப் படிவம் கேட்பது வேறு. கனடாப் படிவம், எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறது. எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற உத்தரவிடப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது. மன்னாரில் நடந்தது இந்தக் கேள்விகளுக்குள் வருகிறது. இல்லை என்று டிக் அடித்துப் பின்னால் தெரிந்தால் அது பொய்த் தகவல். கனடாவில் அதற்கு ஐந்தாண்டுத் தடை.

'விட்டுட்டாங்க' என்பதற்குள் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிலரை வழக்கே இல்லாமல் விடுவித்திருப்பார்கள். சிலருக்குத் தண்டனை விதித்து, அதை ஒத்திவைத்து அனுப்பியிருப்பார்கள். ஒத்திவைத்த தண்டனையும் தண்டனைதான், படிவத்தில் அப்படியே சொல்ல வேண்டும். நீதிமன்ற உத்தரவின் நகல், திரும்பி வந்தபோது கிடைத்த தற்காலிகப் பயண ஆவணம், மீன்வளத் துறையிடம் இருக்கும் விவரம் எது கிடைத்தாலும் சேர்த்து, என்ன தேதி, எத்தனை வயது, எந்தப் படகு, எல்லை தாண்டியதாகக் குற்றச்சாட்டு, எப்படி முடிந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். தண்டனை விதித்திருந்தால் இதைக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

பி.சி.சி. வாங்கினப்புறம் பாஸ்போர்ட் ரினியூ பண்ணிட்டேன். நம்பர் மாறிடுச்சு. திரும்ப எடுக்கணுமா?

சான்றில் பழைய எண் இருக்கும். பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் புதியதையும் சேர்த்து ஒரு விளக்கம் எழுதி வைத்தால் பல நேரம் போதும், அதிகாரி கேட்டால் புதிது எடுக்க வேண்டும். மெடிக்கலுக்குப் பழைய பாஸ்போர்ட்டோடு போயிருந்தால் மாற்றத்தைக் குடிவரவுத் துறைக்குக் கணக்கின் வழியே தெரிவியுங்கள், இல்லையென்றால் அறிக்கை உங்கள் கோப்போடு சேராமல் தனியே கிடக்கும். இன்னும் எதையும் தொடங்காதவர்கள் ரினியூவலை முதலில் முடியுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவது, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்ப்பது போன்ற திருத்தங்களையும் அதே தடவையில் செய்துவிடுங்கள்.

விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. மறுபடி போடப்போறேன். ரெண்டையும் புதுசா எடுக்கணுமா?

காலக்கெடுவுக்குள் இருந்தால் வேண்டாம். பி.சி.சி. தேதியை மேலே சொன்னபடி எண்ணிப் பாருங்கள், அதே நாட்டுக்கென்றால் அதே சான்று. மெடிக்கல் எடுத்தபோது கிடைத்த எண்ணைப் புது விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். புது எண் வாங்கிப் புதிதாக எடுத்தால் பணம்தான் போகும். நாட்டையே மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டும் புதிதுதான்: சான்றில் நாட்டின் பெயர் மாற வேண்டும், மருத்துவர் பட்டியலும் அறிக்கை போகும் இடமும் வேறு. மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணம் என்ன என்று பார்க்காமல் இந்த இரண்டுக்கும் மறுபடி செலவு செய்யாதீர்கள். பெரும்பாலும் காரணம் பணக் கணக்கிலோ படிப்பின் நோக்கக் கடிதத்திலோ இருக்கும், இந்தக் காகிதங்களில் இருக்காது.